பெரியவர் படத்தில் மீசையை மாற்ற: இழுப்பதா, ஒட்டுவதா, வரைவதா?

சிராங்கூன் ரோடு பக்கம் படம் திருத்தும் வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெரியவர் தவறிவிட்டார். தெளிவாக இருப்பது கடைசி வருடத்தில் கைப்பேசியில் எடுத்த ஒரே படம். உடம்பு முடியாத காலத்தில் யாரோ சவரம் செய்துவிட்டதால், அதில் மீசை ஒட்ட நறுக்கப்பட்டிருக்கிறது. "அண்ணே, அப்பா மீசை இவ்வளவு சின்னதா இருக்காது, பழையபடி அடர்த்தியா வச்சுக் குடுங்க" என்று மகன் இருபது வருடத்துக்கு முந்தைய 4ஆர் படம் ஒன்றையும் நீட்டுவார்.

இந்த வேலைக்கு மூன்று வழிகள் உண்டு. இருக்கிற மீசையைப் போட்டோஷாப்பின் லிக்விஃபை கருவி கொண்டு இழுத்துப் பெரிதாக்கலாம். வேறு இடத்திலிருந்தோ வேறு படத்திலிருந்தோ மீசையை எடுத்து ஒட்டலாம். பிரஷ்ஷால் முடி முடியாக வரையலாம். எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மீசையின் எந்த ஓரத்தை மாற்றப் போகிறோம், படம் எந்த அளவில் அச்சாகப் போகிறது என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மேல் ஓரம் வேர், கீழ் ஓரம் நுனி

மீசைக்கு இரண்டு ஓரங்கள். மூக்குப் பக்கம் இருக்கும் மேல் ஓரத்தில் தெரிவது முடியின் வேர். உதட்டுப் பக்கம் இருக்கும் கீழ் ஓரத்தில் தெரிவது முடியின் நுனி. மீசை முடி மூக்கிலிருந்து உதட்டை நோக்கி வளர்வதால் இப்படி. ஆகவே கீழ் ஓரத்தை இறக்குவது என்றால் இருக்கிற முடியை நீளமாக்குவது. மேல் ஓரத்தை ஏற்றுவது என்றால் வெறும் தோலில் புது வேர்களை நடுவது. பார்வைக்கு இரண்டும் மீசையைப் பெரிதாக்குவதுதான். கைவேலை மட்டும் வேறு வேறு.

திசையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் முடி ஏறக்குறைய நேராகக் கீழே விழும். பள்ளத்தின் இரு கரையிலும் சற்றே வெளிப்பக்கம் சாயும். நடுக்கன்னத்தை நோக்கிப் போகப் போகச் சாய்வு கூடி, வாயோரத்தில் பக்கவாட்டிலும் கீழுமாகப் படியும். விரித்த விசிறியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும். சிலருக்கு ஒரு பக்கம் அதிகம் சாயும், சிலருக்குப் பள்ளத்தில் முடியே இராது. அதனால் பொது விதியை நம்பி ஆரம்பிக்கக் கூடாது. படத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, கண்ணில் தெளிவாகப் படும் முடிகளின் மேல் சிவப்பில் அம்புக்குறிகள் போடுங்கள். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு நான்கு, ஆக ஒன்பது போதும். பிறகு எந்த வழியில் போனாலும் இந்த அம்புகளே வழிகாட்டி.

முறுக்கு மீசைக்கும் இதே கதைதான். மெழுகு போட்டு நுனியை மேலே திருப்பியிருந்தாலும், தோலை விட்டு வெளியே வரும் முதல் சில மில்லிமீட்டருக்கு முடி தன் திசையில்தான் வரும், அதற்கப்புறம்தான் வளையும். வேரிலிருந்தே மேல்நோக்கி வரைந்தால் கூத்துக்கு ஒட்டிய மீசை போல நிற்கும்.

எத்தனை பிக்சல் கையில் இருக்கிறது

வழியைத் தேர்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஆண்களின் முகத்தின் அகலம் சுமார் 140 மில்லிமீட்டர். ஒரு மீசை முடியின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். கைப்பேசிப் படத்தில் முகம் 1,400 பிக்சல் அகலம் இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல். ஒரு முடி ஏறத்தாழ ஒரு பிக்சல். அதாவது இந்தப் படத்தில் தனி முடி தெரியும். தெரிகிற இடத்தில் திசை தவறினால் அதுவும் தெரியும்.

மகன் கொண்டுவந்த 4ஆர் படம் எப்படி? அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, முகம் ஓர் அங்குல அகலம் என்று வைத்தால், முகத்துக்கு 600 பிக்சல்தான். மில்லிமீட்டருக்கு நான்குக்கும் சற்று மேல். ஒரு முடி அரை பிக்சல்கூட இல்லை. அதில் தெரிவது முடிக் கற்றையும் மொத்த வடிவமும் மட்டுமே. இன்னும் அதிக டிபிஐயில் ஸ்கேன் செய்தாலும் காகிதத்தில் இல்லாத முடி வந்துவிடாது, காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும். ஆக, பழைய படம் மீசைக்கு வரைபடமே தவிர, வெட்டி எடுக்கும் துணி அல்ல. அதைத்தான் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

அச்சு அளவுக்கும் இதே கணக்கு. நாளிதழின் இரங்கல் அறிவிப்பில் படம் நான்கு சென்டிமீட்டர் அகலம் வரும் என்று வைப்போம். செய்தித்தாள் அச்சில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 புள்ளி வரிசைகள். மொத்தப் படத்துக்கே 160 புள்ளிகளுக்குள். அதில் முகம் பாதி, மீசை முப்பது சொச்சம் புள்ளி. முடியாவது திசையாவது, கறுப்பு வடிவம் மட்டும்தான் அச்சேறும். மாறாக, பதினாறாம் நாளுக்குச் சட்டம் போட்டு வீவக வீட்டுக் கூடத்தில் மாட்டும் 12க்கு 16 அங்குலப் படத்தை வருபவர்கள் ஓரடித் தூரத்தில் நின்று பார்ப்பார்கள்.

இழுப்பது

மூன்றில் வேகமானது இது. மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும் முன்பே படம் வேண்டும் என்று காலையில் வந்து நிற்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. போட்டோஷாப்பில் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட்டு `Filter > Liquify` திறந்து, உதட்டையும் மூக்குத் துவாரங்களையும் `Freeze Mask` கொண்டு முதலில் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் மீசையோடு உதடும் வரும். முகம் வேறு ஆளாகிவிடும். இழுக்கும் பிரஷ் மீசையின் உயரத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும், அழுத்தம் 20 முதல் 30 வரை. சின்ன பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் ஓரம் அலை அலையாகும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே நுட்பம், முடியின் போக்கில் இழுத்தால் முடி நீளும், முடிக்குக் குறுக்கே இழுத்தால் முடி தடிக்கும் என்பது. நீளமான முடி இயல்பானது. மூன்றில் ஒரு பங்கு நீண்டாலும் கண் ஏற்கும். தடித்த முடி அப்படியல்ல, பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே கம்பளி நூல் மாதிரி தெரியும். நடுவில் கீழே இழுப்பது சரி. அதே கையோடு வாயோரத்திலும் நேராகக் கீழே இழுத்தால், அங்கே முடி பக்கவாட்டில் கிடப்பதால் குறுக்கே இழுத்ததாகிவிடும். வாயோரத்தில் வெளியேயும் கீழேயுமாக, அம்பு காட்டும் பக்கம்தான் இழுக்க வேண்டும்.

மேல் ஓரத்துக்கு இந்த வழி உதவாது. மேலே இழுப்பதும் முடியின் போக்கில்தானே என்று தோன்றும். ஆனால் முடியின் எண்ணிக்கை கூடாமல் இடம் மட்டும் கூடுகிறது. இருந்த அடர்த்தியும் குறைந்து தோல் எட்டிப்பார்க்கிறது. கத்தி போட்ட நேர்க்கோடு அப்படியே மூக்கருகே போய் நிற்கும். மூக்குக்குக் கீழ் இருக்கும் நிழலும் நசுங்கும்.

அடர்த்தி மட்டும் போதும், வடிவம் மாற வேண்டாம் என்றால் இழுக்கவும் வேண்டாம். ஒரு `Curves` லேயரால் மீசைக்குள் மட்டும் இருட்டைக் கொஞ்சம் கூட்டினால், முடிகளுக்கிடையே தெரியும் தோல் மங்கி, மீசை அடர்ந்துவிடும். மாஸ்க்கின் ஓரத்தை மென்மையாக விடுங்கள். மேல் ஓரத்துக்கு ஐந்தாறு பிக்சல் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் தோலில் கரி பூசியது போலாகும்.

ஒட்டுவது

அந்நிய மீசையை, அதாவது இன்னொருவர் படத்திலிருந்து எடுத்து ஒட்டுவதை, நினைவுப் படத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம். வெளிச்சம் ஒத்துப்போகலாம், முகக் கோணமும் ஒத்துப்போகலாம், ஆனால் மனைவி முதல் பார்வையிலேயே "இது அவரு மீசை இல்ல" என்று சொல்லிவிடுவார். பழைய படத்தில் பிக்சல் இல்லை என்பதை மேலே பார்த்தோம். மிஞ்சுவது அதே படத்தில் இருக்கும் அவருடைய மீசையே. வெளிச்சம், நிறம், கேமராச் சொரசொரப்பு எல்லாமே அதில் பொருந்தியிருக்கும்.

சின்னச் சின்னத் துண்டாக, 60க்கு 40 பிக்சல் அளவில், ஓரம் மங்கலாக எடுத்து, ஒட்டும் இடத்தின் அம்புக்கு ஏற்பத் திருப்பி வைக்க வேண்டும். பதினைந்து இருபது பாகைக்கு மேல் திருப்பினால் முடியின் மேலிருக்கும் மினுமினுப்பு தவறான பக்கம் விழும். அப்போது வேறு இடத்திலிருந்து துண்டெடுப்பதே நல்லது. ஒரே துண்டை இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தினால் கண் அதைக் கண்டுபிடிக்கும், கோலத்தில் ஒரே புள்ளி திரும்ப வருவது போல.

இங்கே நடக்கும் பெரிய பிழை, இடப் பக்க முடியை அப்படியே வலப் பக்கத்தில் வைப்பது. முடி மூக்கை நோக்கிப் படிந்திருக்கும்; என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும். அதைத் தவிர்க்கக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைப்பவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள்: திசை சரியாகும், வெளிச்சம் தலைகீழாகும். சன்னல் இடப் பக்கம் இருந்த படத்தில் மீசையின் வலப் பாதி மட்டும் வலப் பக்கத்திலிருந்து ஒளி வாங்கும். நேர் முன்னால் ஃபிளாஷ் அடித்த படத்தில் மட்டும்தான் திருப்பிப் போட்டுத் தப்பிக்கலாம்.

முழுக் கறுப்பு மீசையாக இருந்தால் துண்டு லேயரை `Darken` முறையில் வைத்தால் தோல் மறைந்து முடி மட்டும் நிற்கும். நரை கலந்த மீசையில் இது காலை வாரிவிடும், ஏனென்றால் தோலைவிட வெளிறிய நரை முடிகள் அத்தனையும் காணாமல் போய், பெரியவருக்குச் சாயம் பூசியதாகிவிடும். நரை இருந்தால் முறையை மாற்றாமல், மாஸ்க்கில் கையாலேயே ஓரம் வெட்டுவதுதான் வழி.

வரைவது

நேரம் தின்பது இதுதான், ஆனால் மேல் ஓரத்துக்கும் வாயோர நுனிக்கும் இதற்கு மாற்று இல்லை. பேனா அழுத்தத்தை உணரும் டேப்லெட் இருந்தால் நல்லது. பிரஷ் அளவைக் கணக்கிலிருந்து எடுங்கள்: நம் படத்தில் முடி ஒரு பிக்சல் என்பதால் பிரஷ் ஒன்றரை பிக்சல், கடினம் 80 விழுக்காடு, `Shape Dynamics` பகுதியில் அளவைப் பேனா அழுத்தத்தோடு இணைக்க வேண்டும். கோடு வேரில் தொடங்கி நுனியில் கையை எடுத்தபடி முடியட்டும். நுனியில் தொடங்கி வேருக்கு இழுத்தால் கூர்மை தலைகீழாகிவிடும். டேப்லெட் இல்லாதவர்கள் பேனா கருவியால் பாதை போட்டு `Stroke Path` கொடுக்கும்போது `Simulate Pressure` தேர்ந்தால் இரு முனையும் கூராகும். வேர்ப் பக்கக் கூர்மை மற்ற முடிகளுக்குள் மறைந்துவிடும் என்பதால் மீசையின் உட்பகுதிக்கு அது போதும், மேல் ஓரத்துக்குப் போதாது.

நிறத்தைக் கறுப்பு என்று எண்ணாதீர்கள். மீசைக்குள்ளிருந்தே மூன்று நிறங்களை உறிஞ்சி எடுங்கள்: ஆழத்து இருட்டு, நடுநிறம், ஒளி பட்ட முடி. முதலில் இருட்டு முடிகள், அவற்றின் மேல் நடுநிறம், கடைசியில் கொஞ்சமே கொஞ்சம் வெளிறிய முடி, ஒவ்வொன்றும் தனி லேயரில். எல்லாக் கோட்டையும் இணையாகப் போட்டால் விளக்குமாறு வந்துவிடும். உண்மையான முடி மூன்று நான்காகச் சேர்ந்து நுனியில் ஒன்றையொன்று தொடும், பக்கத்து முடியை லேசாகக் குறுக்கிடும், ஒன்றிரண்டு கூட்டத்தை விட்டு விலகி நிற்கும்.

ஒரு சவுகரியம் உண்டு. சவரம் செய்த இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவைதான் பெரியவருடைய உண்மையான வேர்கள். புள்ளி இருக்கும் இடத்திலிருந்து கோட்டைத் தொடங்கினால் அடர்த்தியும் இடைவெளியும் தாமாகவே அவருடையதாக அமையும்.

வரைந்த முடி படத்தைவிடக் கூர்மையாக இருக்கும். அரை பிக்சல் `Gaussian Blur` கொடுத்து, படத்தின் சொரசொரப்புக்கு ஈடாகக் கொஞ்சம் `Noise` சேர்க்காவிட்டால் மீசை மட்டும் முகத்தின் மேல் மிதக்கும். மீசை பெரிதானால் உதட்டில் விழும் நிழலும் பெரிதாக வேண்டும்: `Multiply` லேயரில், உதட்டு நிறத்தின் இருண்ட சாயலில், 20 விழுக்காடு அளவுக்கு, மங்கலாக ஒரு கோடு. இதை மறப்பவர்கள்தான் "என்னமோ ஒட்டின மாதிரி இருக்கு" என்ற பேச்சைக் கேட்கிறார்கள்.

பெரியவர் படத்துக்கு எது

இனி எண்களோடு. கைப்பேசிப் படத்தில் மூக்கடியிலிருந்து உதட்டு ஓரம் வரை 160 பிக்சல். அதில் மேலே 60 பிக்சல் சவரம் செய்த வெறும் தோல், நடுவில் மீசை 70, கீழே உதடு வரை 30 வெற்றிடம். பழைய படத்தை `Opacity` 40 விழுக்காட்டில் மேலே வைத்து, கண்களின் இடைவெளி பொருந்தும்படி அளவு மாற்றிப் பார்த்தால், மீசை மூக்குக்கு 20 பிக்சல் கீழே தொடங்கி உதட்டைத் தொடுகிறது; இருபுறமும் வாயோரத்தைத் தாண்டி 60 பிக்சல் போய்க் கொஞ்சம் கீழே இறங்குகிறது. அந்த வடிவத்தை ஒரு கோடாக வரைந்துகொண்டு பழைய படத்தை அணைத்துவிடலாம். பல் போய் உதடு உள்வாங்கியிருந்தால் பழைய வடிவத்தை அப்படியே பதிக்காமல் உதட்டின் இப்போதைய வளைவுக்கு வளைத்துக்கொள்ள வேண்டும்.

நாளிதழுக்கான படத்துக்கு: கீழே 20 பிக்சல் இழுங்கள், `Curves` போட்டு அடர்த்தி கூட்டுங்கள், மேல் வெற்றிடத்தில் இரண்டு மூன்று துண்டு ஒட்டி மங்கலாக்குங்கள். அரை மணி நேர வேலை. அந்த அச்சில் இதற்கு மேல் செய்வது வீண்.

சட்டப் படத்துக்கு மூன்றையும் கலப்பதே எங்கள் முடிவு, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஓரத்தில். கீழ் ஓரத்தின் 30 பிக்சலில் 20ஐ இழுத்தெடுத்து, மீதி பத்தை வரைந்த நுனிகளால் நிரப்பலாம். மேலே வேண்டிய 40 பிக்சலில் கீழ்ப் பாதிக்கு அதே பக்கத்துத் துண்டுகள். மேல் பாதி முழுக்க வேர்ப் புள்ளிகளிலிருந்து வரைந்த குட்டையான, இடைவெளி விட்ட முடிகள். இங்கே அடர்த்தி படிப்படியாகக் குறைய வேண்டும், கோடு கிழித்த மாதிரி நிற்கக் கூடாது. வாயோரத்தைத் தாண்டிய 60 பிக்சல் முழுதும் வரைவுதான். சிரிப்பு மடிப்பின் மேல் வரும் முடி அந்த மேட்டில் ஏறி இறங்குவதால் கோடும் லேசாக வளையட்டும். பக்கத்துக்கு இருநூறு கோடுகள் வரை வரும், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முழு மீசையையும் வரையத் துணிந்தால் கோடுகள் ஆயிரத்தைத் தாண்டும், ஒரு நாள் போய்விடும், அவருடைய சொந்த முடியும் மறைந்துவிடும். அது பெருமைக்குச் செய்கிற வேலை.

முகம் நடுவில் இருக்கும்படி 2,800 பிக்சல் அகலத்துக்கு வெட்டினால் 12 அங்குல அச்சுக்கு அங்குலத்துக்கு 233 பிக்சல் கிடைக்கிறது. செயற்கையாகப் பெரிதாக்காமல் அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம்.

புருவத்தைத் தொட வேண்டாம். நரையை எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்குப் புருவமே அளவுகோல். "மீசையைக் கறுப்பாக்கிடுங்க" என்று குடும்பம் கேட்டால், நரைத்த புருவத்தோடு கறுத்த மீசை எப்படி இருக்கும் என்று திரையில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பெரும்பாலும் அவர்களே வேண்டாம் என்பார்கள்.

மீசையைச் சிறிதாக்கும் வேலை இதற்கு நேர் எதிர். கீழ் ஓரத்தை ஏற்றுவது எளிது: நறுக்கிய முடிக்கு நுனி கூராக இராது, மொட்டையாக இருக்கும், அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மேல் ஓரத்தை இறக்கும்போது முடியைத் துடைத்த இடத்தில் கன்னத்துத் தோலை வைத்தால் குழந்தைத் தோல் போல வழவழக்கும். தாடையில் சவரம் செய்த தோலை எடுப்பதே பொருந்தும். `Healing Brush` கறுப்பு முடிக்குப் பக்கத்தில் போனால் அந்த இருட்டை உறிஞ்சி அழுக்குத் திட்டாக்கும் என்பதால், முதலில் `Clone Stamp` கொண்டு ஓரத்தைப் பிரித்துவிட்டு, பிறகுதான் அதைத் தொட வேண்டும். கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் கொடுக்கும் படத்தில் இந்த வேலை எதையும் செய்யக் கூடாது. மீசை வேண்டுமென்றால் வளர்த்துக்கொண்டு வந்து படம் எடுக்கட்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். திசை தவறிய முடி அப்போது உடனே கண்ணில் படும். பிறகு கறுப்பு வெள்ளையாக்கி, மீசையின் இருட்டு தலைமுடியின் இருட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, மீசைப் பகுதியை மட்டும் முழு அளவில் ஒரு சின்னத் தாளில் அச்செடுத்துக் குடும்பத்தில் மூத்தவரிடம் காட்டுங்கள், திரையில் அல்ல. லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடாமல் கோப்பை அப்படியே வைத்திருங்கள். முதல் வருடத் திவசத்துக்கு முன் "நுனியைக் கொஞ்சம் குறைச்சுடலாமா" என்று யாராவது கேட்டு வந்தால், வரைந்த நுனிகள் இருக்கும் லேயரின் மாஸ்க்கில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.